வேண்டாமென்ற விருந்து

“இன்னைக்கு முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு வாசுபூஜ்யன் லீலாவதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகம் வாட வேண்டும். முழுக்க வாடாவிட்டாலும் ஓரத்திலாவது கொஞ்சம் வாட வேண்டும். ராஜாங்கம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

முகம் வாடவில்லை. டைப் மெஷினில் பாதி ஏறியிருந்த காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்து, “ஏங்க, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு ராஜாங்கம் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வாசுபூஜ்யன் ஒரு முறை விழித்தான். பிறகு வாயில் வந்ததைச் சொன்னான்.

“நோன்புங்க.”

சொன்ன பிறகுதான் தவறு உறைத்தது. வேறு யாராவது பெண்ணாக இருந்தால் அப்படியா என்று கேட்டுவிட்டு விட்டிருப்பாள். லீலாவதியின் பூர்வீகம் மேல்சித்தாமூர்; சமணக் குடும்பத்துப் பெண். அஷ்டமி என்றைக்கு, சதுர்த்தசி என்றைக்கு என்று காலண்டரைப் பார்க்காமல் சொல்லக்கூடியவள். அவனும் அதே சமயத்துக்காரன்தான். ஆனால் அவனுக்குக் காலண்டர் வேண்டும்.

“இன்னைக்குத் தசமியாச்சே” என்றாள்.

“இது பஞ்சாங்க நோன்பு இல்லைங்க. நானா மனசுக்குள்ள எடுத்துக்கிட்டது, இத்தனை நாள்னு கணக்கில்லை.”

லீலாவதியின் கண்கள் அகல விரிந்தன. பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். ஆசை வைத்த பெண் நம்மைப் பார்த்துக் கும்பிட்டால் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் நடந்தது அறுபத்து நாலாம் வருஷத்து மார்கழியில், செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மல்லாட்டை விற்பனைச் சங்கத்தில். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சங்கத்தில் எங்கே திரும்பினாலும் கடலை மூட்டைதான். அங்கே வாசுபூஜ்யன் குமாஸ்தா. லீலாவதி டைப்பிஸ்ட். ராஜாங்கம் கணக்கர்.

வாசுபூஜ்யனுக்கு ஊர் வந்தவாசிப் பக்கம். செஞ்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அரிகிருஷ்ணன் சாப்பாட்டுக் கிளப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பகல் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ராத்திரிச் சாப்பாடுதான் தகராறு. சமணர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். மற்ற கட்டுப்பாடுகளில் எப்படியோ, இந்த ஒன்றில் மட்டும் அவன் கறாராக இருந்தான். அரிகிருஷ்ணனோ ராத்திரிக்கு அடுப்பு மூட்டுவதே விளக்கு வைத்த பிறகுதான். அதனால் தினமும் சாயந்திரம் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் இரண்டு வாழைப்பழத்தை விழுங்கிவிட்டுப் படுக்கப் போவான்.

இந்த வாழைப்பழத்தை லீலாவதி பார்த்துவிட்டாள். கடைத்தெருவை ஒட்டியிருந்த தன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நம்ம பிள்ளை ஒன்று செஞ்சியில் வாழைப்பழம் தின்று ராத்திரியை ஓட்டுகிறதா என்று அந்தம்மா பதறிப்போய், ஒரு நாள் சாயந்திரம் பொழுதோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல் என்றிருக்கிறாள். அந்த அழைப்பைத்தான் நம்ம ஆள் இன்றைக்கு முடியாது என்றான்.

வர ஆசை இல்லாமல் இல்லை. கூப்பிட்டதைக் கேட்டதுமே கால் தரையில் பாவவில்லை. லீலாவதி டைப் அடிக்கிற சத்தத்தை வைத்தே அவள் மனசு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு அவன் முற்றிப்போயிருந்தான். கோபம் என்றால் வரி முடிவில் மெஷின் ரயில் பெட்டி மோதுகிற மாதிரி இடிக்கும். சந்தோஷம் என்றால் நடுவில் நிற்காது. ஆனால் அவளுக்கு அவன் மேல் ஏதாவது உண்டா என்பதை மட்டும் எந்தச் சத்தமும் சொல்லவில்லை. அது தெரிந்தாக வேண்டும். தை பிறந்தால் அப்பா பெண் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். மனசில் யாராவது இருந்தால் பொங்கலுக்கு வரும்போது சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் காட்டுகிற பெண்தான் என்பது அப்பாவின் தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்கு விருப்பமா என்று தெரியாமல் அப்பாவை அனுப்பி, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால், அப்புறம் சமணர் வீடுகளில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எல்லாரும் அவனைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

அதனால்தான் ராஜாங்கத்திடம் போய் விழுந்தான். ராஜாங்கத்துக்கு ஆறு பிள்ளைகள். காதல் விஷயத்தில் அவருக்கு இருந்த ஒரே தகுதி, அதைப் பற்றிப் பேச அலுக்காததுதான்.

“கூப்பிடறவங்கல்லாம் ஆசையிலயா கூப்பிடறாங்க? மரியாதைக்குக் கூப்பிடுவாங்க, பாவம்னு கூப்பிடுவாங்க. வரேன்னு சொன்னா உனக்கு ஒண்ணும் தெரியாது. வரலைன்னு சொல்லு, அப்ப மூஞ்சியப் பாரு” என்றார்.

வரமாட்டேன் என்றால் மூன்றில் ஒன்று நடக்குமாம். முகம் வாடினால் உள்ளே ஆசை இருக்கிறது. உடனே, அப்படியானால் நாளைக்கு, நாளன்னைக்கு என்று வேறு நாள் சொன்னால் ஆசை கெட்டியாகவே இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான். தான் பெண் பார்க்கப் போனபோது பஜ்ஜி வேண்டாம் என்றதாகவும், மாமியார் முகம் மட்டும் வாடியதாகவும், அதன் பலனை இன்றுவரை அனுபவிப்பதாகவும் ராஜாங்கம் உதாரணம் காட்டினார்.

கும்பிட்டால் என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவே இல்லை.

“நீ காரணம் சொன்னது தப்பு” என்றார் ராஜாங்கம், விஷயத்தைக் கேட்டுவிட்டு. வெறுமனே முடியாது என்றால்தான் எதிராளிக்கு நம்மைத்தான் வேண்டாம் என்கிறானோ என்று மனசு சுருங்கும். அது முகத்தில் தெரியும். நோன்பு, காய்ச்சல், சாவு என்று காரணம் சொல்லிவிட்டால் யாருக்கும் முகம் வாடாது, இரக்கம்தான் வரும். பரீட்சை கெட்டுப்போச்சு, இன்னொரு தடவை கூப்பிடுகிறாளா பார் என்று முடித்தார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, பசி ஒரு பக்கம் இருந்தது. நோன்பு என்று சொல்லியாகிவிட்டது. வாழைப்பழத்தை எடுக்க முடியாது. சாயந்திரம் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, மூட்டைகளுக்குப் பின்னால் குந்தி, மாதிரிக்கு வைத்திருந்த வறுத்த மல்லாட்டையைக் கை கையாக அள்ளிப் போட்டுக்கொண்டான். நிமிர்ந்தால் எதிரில் துடைப்பத்தோடு காத்தாயி நிற்கிறாள். சங்கத்தைப் பெருக்கித் தண்ணீர் வைக்கிறவள்.

“இன்னா தம்பி, நோன்புன்னாங்க?”

யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவன் கிட்டத்தட்ட காலில் விழுந்தான். நான் யாருகிட்டச் சொல்லப் போறேன் என்று சொல்லிவிட்டு அவள் டைப் மெஷின் மேஜைப் பக்கமாகப் பெருக்கிக்கொண்டே போனாள்.

மறுநாள் சாயந்திரம் காத்தாயியே ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். வாழையிலைக்குள் உளுந்து வடை, இன்னும் சூடு ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசாக ஒரு கடை என்றாள். பாதி வடையை விழுங்கிய பிறகுதான் வாசுபூஜ்யன் ஒன்றைக் கவனித்தான். வெங்காயம் இல்லை. சமணர்கள் வெங்காயத்தைத் தொட மாட்டார்கள். நம்மவர்களுக்கு ஏற்ற கடை ஒன்று செஞ்சியில் வந்துவிட்டதே என்று மனசுக்குள் வாழ்த்தினான்.

“பொழுது போறதுக்குள்ள துன்னுடு தம்பி” என்று காத்தாயி அவசரப்படுத்தினாள்.

அந்த வாரமே லீலாவதி மறுபடியும் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் திருநாதர்குன்றுக்குப் போகிறார்களாம். குன்றுப் பாறையில் செதுக்கியிருக்கிற தீர்த்தங்கரர்களைக் கும்பிட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்களாம். நோன்பு இருந்தாலும் கும்பிட வரலாமே என்றாள்.

புது அழைப்பு! மூன்றில் இரண்டாவது வகை! வாசுபூஜ்யன் ராஜாங்கத்திடம் ஓடினான். ஓடாமல் அங்கேயே வரேன் என்று சொல்லியிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ராஜாங்கம் மூக்குப்பொடியை இழுத்துக்கொண்டு, அவசரப்படாதே என்றார். ஒரு தடவை மறுத்தவனை இரண்டாம் தடவை கூப்பிடுவது மரியாதையிலும் சேரும். மரியாதைக்குக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால் அதற்கு மேல் சாட்சியே வேண்டாம். அதனால் இதையும் மறுத்துவிடு, ஆனால் பட்டினி நோன்பு சொல்லாதே.

வாசுபூஜ்யன் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. பட்டினி நோன்பைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் மௌன நோன்பு என்று சொன்னான்.

“அதுவுமா?” என்றாள் லீலாவதி. உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டென்று குனிந்துகொண்டாள். அழுகையை அடக்குகிறாளோ என்று அவனுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகிற்று. அடுத்த கணம் மெஷின் ஓட ஆரம்பித்தது. நடுவில் நிற்கவே இல்லை. சந்தோஷமாக இருக்கும்போது அடிக்கிற மாதிரி ஒரே ஓட்டம். வாசுபூஜ்யனுக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது.

இருட்டு அதோடு நிற்கவில்லை. மறுநாள் துணிக்கடை தர்மநாதன் சங்கத்துக்கே வந்துவிட்டார். செஞ்சிச் சமணர்களில் பெரிய மனிதர்; கோயில் காரியம் எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். நேராக வாசுபூஜ்யன் மேஜைக்கு வந்து தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“இந்த வயசுல இப்படி ஒரு வைராக்கியமா! லீலாவதி சொல்லிச்சு. என்னால நம்பவே முடியல” என்று கண் கலங்கினார்.

அன்று பகல் அரிகிருஷ்ணன் கிளப்பில் போய் உட்கார்ந்தால் இலை போட மறுத்துவிட்டார்கள். அரிகிருஷ்ணனே கல்லாவை விட்டு இறங்கி வந்து, சாமி நோன்பை என் கையால் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம், காய்ச்சின தண்ணி மட்டும் தருகிறேன் என்று ஒரு சொம்பை நீட்டினார். பக்கத்து மேஜையில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள் வாசுபூஜ்யனைப் பார்த்ததும் மரியாதையாகக் கையை உதறிவிட்டு எழுந்து நின்றார்கள். அவன் அந்தச் சாதத்தையே பார்த்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம். மௌன நோன்பைப் பார்க்க வெள்ளிக்கிழமையே ஊர் தயாராகிவிட்டது போலிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பெண்டு பிள்ளைகளோடு கூட்டம். வெளியே போக வழியில்லை. போகிறேன் என்று சொல்லவும் வாயில்லை. உள்ளே பாயில் உட்கார்ந்துகொண்டான். வந்தவர்கள் குழந்தைகளை அவன் முன்னால் கிடத்திவிட்டு எடுத்தார்கள். ஒரு வியாபாரி குனிந்து, மல்லாட்டை விலை ஏறுமா என்று பணிவாகக் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு உச்சந்தலையில் கடித்தது. அவன் கையைத் தூக்கிச் சொறிந்தான். உச்சிக்குப் போகும் என்கிறார் என்று அந்த வியாபாரி வெளியே போய்ச் சொன்னார். அடுத்த சந்தைக்கு விலை ஏறியும் தொலைத்தது.

அப்புறம் அவனை யார் நிம்மதியாக விட்டார்கள்? தெருவில் நடந்தால் சைக்கிள்காரன் இறங்கி நடந்தான். முடிதிருத்துகிறவர் தலையைத் தொடத் தயங்கினார். சங்கத்தின் காரியதரிசிகூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, ஐயா அந்தக் காகிதக் கட்டை எடுங்கள் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் காத்தாயி மட்டும் பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் வாசுபூஜ்யனின் மௌனம் நிரந்தரமாகியிருக்கும். பிரித்தால் புளிச்சோறு. வறுத்த மல்லாட்டை போட்டு, நல்லெண்ணெய் மினுமினுக்க இருந்தது. ஆராய்ச்சி செய்கிற நிலைமையில் அவன் இல்லை. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, காத்தாயி கும்பிட வேண்டிய தெய்வம் என்று முடிவு செய்தான். அந்த வேளைக்குப் பிறகு ஒரு நாள்கூடப் பொட்டலம் தவறவில்லை. ஒரு நாள் இட்லி, ஒரு நாள் கொழுக்கட்டை, எல்லாம் பொழுது சாய்வதற்குள் வந்துவிடும்.

வயிறு நிரம்பியதும் புத்தி வந்தது. இந்தப் பரீட்சையே வேண்டாம், லீலாவதி மூன்றாம் தடவை கூப்பிட்டால் உடனே போய்விடுவது என்று தீர்மானித்தான். ஆனால் லீலாவதி கூப்பிடவில்லை. காலையில் வந்தால் ஒரு கும்பிடு, சாயந்திரம் போனால் ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

அவன் அவளுக்குக் கேட்கிற மாதிரி ராஜாங்கத்திடம், நோன்பெல்லாம் ரொம்ப நாள் நீட்டக் கூடாது என்றான். மெஷின் நிற்கவில்லை. உங்கள் வீட்டு மிளகுக் குழம்பு ஊரெல்லாம் பேசுகிறதே என்று அவளிடமே சொல்லிப் பார்த்தான். இந்த நேரத்தில் அதையெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், உங்கள் உறுதி குலைந்தால் அந்தப் பாவம் எங்கள் அம்மாவுக்கு வரும் என்று பதறினாள்.

“இப்ப நீதான் கூப்பிடணும்” என்றார் ராஜாங்கம். “மாட்டேன்னு சொன்னவன்தான் வேற நாளையும் சொல்லணும். இன்னைக்கு முடியல, நாளைக்கு வரட்டுமான்னு சேத்தே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுக்கு நம்பிக்கை இருந்திருக்கும். வெறும் மாட்டேனை ரெண்டு தடவை கேட்டா எந்தப் பொண்ணும் மூணாவது தடவை வாயைத் திறக்காது. மானம்னு ஒண்ணு இருக்குதில்ல?”

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாசுபூஜ்யன் கேட்டான். நீ முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார் அவர்.

மறுநாள் காலை அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு டைப் மெஷின் மேஜைக்குப் போனான். நோன்பை முடித்துக்கொள்ளலாம் என்று இருப்பதாகவும், முதல் சாப்பாடு அவர்கள் வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரலாமா என்றும் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

லீலாவதி கையை மடியில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை முடியாதுங்களே” என்றாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. வெறும் முடியாதுதான்.

வாசுபூஜ்யன் முகம் தொங்கிப்போயிற்று. தொங்கி ஒரு நிமிஷம்கூட ஆவதற்குள், “அப்ப சனிக்கிழமை?” என்று அவன் வாய் கேட்டது. அவள் தலையை அசைத்தாள். “ஞாயித்துக்கிழமை? திங்கக்கிழமை மதியமா இருந்தாலும் பரவாயில்லைங்க.” அவள் அதற்கும் அசைத்தாள். அப்புறம்தான் அவனுக்கு ரோஷம் வந்து, சரி சரி, ஒன்றும் அவசரமில்லை, சும்மாதான் கேட்டேன் என்று சிரிக்கப் பார்த்துவிட்டு, தன் மேஜை என்று நினைத்து ராஜாங்கத்தின் மேஜையில் போய் உட்கார்ந்தான்.

அவள் அத்தனை நேரமும் அவன் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த பார்வையாக இருந்தது. எங்கே என்று அவனுக்கு விளங்கவில்லை. முதல் நாள் அவன் அவளைப் பார்த்த பார்வைதான் அது. ஆனால் தன் முகத்தைத் தானே பார்த்தவன் யார்?

வெள்ளிக்கிழமை ஏன் முடியாது என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. சாயந்திரம் தர்மநாதன் வந்தார். கூட இன்னும் இரண்டு பெரியவர்கள். கையில் தட்டு, தட்டில் வெள்ளை வேட்டி, தேங்காய், பூமாலை. வாசலில் வாடகைக் கார் வேறு நின்றது. காரியதரிசி கைகட்டி ஓரமாக நின்றார்.

மேல்சித்தாமூர் மடத்துக்குப் போகலாம் வாருங்கள் என்றார் தர்மநாதன். சுவாமிகள் முன்னிலையில் ஆயுசு முழுக்கப் பிரம்மச்சரிய விரதம் எடுத்துக்கொள்ள வேண்டும், இப்படி ஒரு பிள்ளையைக் குடும்பஸ்தனாக விட்டுவிட்டால் சமயத்துக்கே நஷ்டம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். வந்தவாசிக்கு ஆளனுப்பி அப்பாவுக்கும் சொல்லிவிடுவார்களாம்.

வாசுபூஜ்யன் டைப் மெஷினைப் பார்த்தான். அது டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“வேண்டாங்க” என்றான்.

இத்தனை நாளாக அவன் எதிர்பார்த்துக் காத்திருந்த முகவாட்டம் ஒருவழியாக ஒரு முகத்தில் வந்தது. அது தர்மநாதன் முகம். பாவம், பெரிய மனிதருக்குக் கீழுதடு நடுங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு, ஆயுசுக்கும் கஷ்டமாக இருந்தால் முதலில் பத்து வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றார். ஆசை கெட்டியாக இருக்கிறது என்று ராஜாங்கம் மூக்குப்பொடியை மறந்து முணுமுணுத்தார்.

இனி மழுப்பினால் மொட்டையடித்துத்தான் விடுவார்கள் என்று வாசுபூஜ்யனுக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“நான் நோன்பே இருக்கலைங்க. அத்தனையும் பொய். சாயந்திரமானா ஒளிஞ்சு ஒளிஞ்சு வடை சாப்பிட்டேன், இட்லி சாப்பிட்டேன், மௌனத்தன்னைக்குப் புளிச்சோறு சாப்பிட்டேன். எனக்குக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைங்க.”

மெஷின் நின்றது.

“யாரை?” என்று கேட்டார் தர்மநாதன், குரலே எழும்பாமல்.

சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தபோது அது போன இடத்தை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பெரியவர்கள் மூவரும், காரியதரிசியும், ராஜாங்கமும் ஒரே சமயத்தில் டைப் மெஷின் பக்கம் திரும்பினார்கள்.

லீலாவதி காகிதத்தை உருவி மேஜையில் வைத்தாள். மெஷினுக்கு உறையைப் போட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், கும்பிடுகூடப் போடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

தர்மநாதன் தட்டில் இருந்த தேங்காயையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, தனக்கு எப்படியும் மேல்சித்தாமூரில் ஒரு வேலை இருக்கிறது, காரை வீணாக்க வேண்டாம் என்று மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காரியதரிசி, “வாசுபூஜ்யன், அந்தக் கட்டை எடு” என்று பழைய குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ராஜாங்கம் வந்து தோளில் கையை வைத்தார். “மூணாவது வகைதாண்டா” என்றார். ஊருக்குப் போய் அப்பா காட்டுகிற பெண்ணைப் பார், பஜ்ஜி கொடுத்தால் மட்டும் மறுக்காமல் சாப்பிட்டுவிடு என்று புத்தி சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அவரும் போனார்.

வாசுபூஜ்யன் மூட்டை மேல் உட்கார்ந்தான். ஊர் முன்னால் மானம் போனதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்றுதான் நெஞ்சு வலித்தது. கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. ஜன்னலுக்கு வெளியே சூரியன் ராஜகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது. அழுதுவிடலாமா என்று யோசித்தான். மார்கழிக் குளிரில் மூக்கு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது.

காத்தாயி துடைப்பத்தோடு வந்தாள். இன்னொரு கையில் பொட்டலம் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக இல்லை. ஊர் கைவிட்டது, காதல் கைவிட்டது, கடைசியில் காத்தாயியுமா என்று அவன் அந்த வெறுங்கையையே பார்த்தான்.

“இன்னைக்கு அந்தக் கடை தெறக்கலையா?” என்று கேட்டான்.

காத்தாயி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

“கடையேது, கண்ணியேது, இம்மா நாளா நீ ஒளிஞ்சி ஒளிஞ்சி துன்னதெல்லாம் அந்த டைப்பு பொண்ணு தன் கையாலயே ஆக்கிக் குடுத்தனுப்புனதுதான், இன்னைக்கு நேரா ஊட்லயே எல போட்டு வெச்சிட்டு ஒக்காந்துனு இருக்குது, பொழுது போறதுக்குள்ள ஓடு தம்பி.”